ரோஸ் பாணும் ரெண்டு நிமிஷமும்

தங்கச்சியைக் கட்டப்போகிறவர் போன் எடுத்தபோது என் ஒரு கையில் மீன் அடைத்த மாலு பணிஸ் தட்டு இருந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். நான் வேலை செய்யும் பேக்கரி ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்னேரம் தோட்டத்துப் பஸ்கள் வரிசையாக வந்து நின்றால் கடைக்குள் மூச்சுவிட இடமிருக்காது. அந்தச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

"அக்கா, ரிசப்ஷன்ல டோஸ்ட் நீங்கதான். உங்க தங்கச்சியும் அதத்தான் சொல்லுது."

என் காதில் விழுந்தது "ரோஸ்". தட்டையாக, இரண்டு பக்கமும் முறுகச் சுட்டெடுக்கும் ரோஸ் பாண் ரொட்டிதான் எங்கள் கடையில் முதலில் தீர்ந்துபோகிற சாமான். மாப்பிள்ளை வீட்டார் வாய் திறந்து கேட்ட முதல் காரியம், அதுவும் என் கையால் ஆகிற காரியம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அதுக்கென்ன தம்பி, செஞ்சுட்டாப் போச்சு. எத்தன பேருக்கு?"

"எல்லாருக்கும்தான். ஒரு எரநூறு பேரு வருவாங்க."

"சூடாத்தான வேணும்?"

அவர் சிரித்தார். "சூடா இருந்தா நல்லதுதான். ஆனா கடியா இருக்கக் கூடாதுக்கா. எங்க பெரியப்பா எல்லாம் இருப்பாரு."

"கடியா இருக்காது தம்பி. பல்லு இல்லாதவங்களும் சாப்பிடலாம், உள்ள மெதுவா இருக்கும்."

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல, நீங்க சொல்லுங்க."

"ரெண்டு நிமிஷத்துல முடிச்சிரணும். அதுதான் முக்கியம்."

"ரெண்டு நிமிஷத்துல எல்லாருக்கும் போயிரும் தம்பி. கவலையே படாதீங்க."

போனை வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடி, பாண் சுடுகிற போரணைக்காரரிடம் சொன்னேன். அவர் சிங்கள ஆள், என்னை நங்கி, அதாவது தங்கை என்பார். தமிழ் எங்களைவிட வேகமாகப் பேசுவார். "எரநூறு பேருக்கு அம்பது போதும் நங்கி, நாலாப் பிய்க்கலாம்" என்று சொல்லி, சுவரில் சோக்கட்டியால் 'ரோஸ் 50, கல்யாணம்' என்று எழுதியும் விட்டார்.

அன்று பின்னேரம் தங்கச்சி எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்திருந்தாள். நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். அவள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் கையை மட்டும் ஆட்டினாள். அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அக்கா... அது பாண் இல்லக்கா. டோஸ்ட். கிளாஸத் தூக்கிக்கிட்டுப் பேசுறது."

மாப்பிள்ளை கந்தப்பளைக்காரர். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் கல்யாண விருந்துகளைக் கவனிக்கிறவர். அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒருவர் எழுந்து மணமக்களைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசி, கடைசியில் கிளாஸைத் தூக்கி வாழ்த்துவார். எல்லாரும் எழும்பி நின்று, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி ஒரு மிடறு குடிப்பார்கள். அதுதான் டோஸ்ட். கொஞ்சம் சிரிக்க வைக்க வேண்டும், கொஞ்சம் நெஞ்சைத் தொட வேண்டும். கோயிலில் தாலி கட்டு காலையில் எங்கள் முறைப்படி நடக்கட்டும், பின்னேர விருந்து அவர்கள் முறைப்படி இருக்கட்டும் என்பது பேச்சு.

"நானா?" என்றேன்.

மேடை ஏறியது ஒரே தடவை. ஒன்பதாம் வகுப்பில், வாணி விழாவுக்குப் பேச்சு. "மதிப்புக்குரிய அதிபர் அவர்களே" வரைக்கும் வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அதையே மூன்று தடவை சொல்லிவிட்டு இறங்கினேன். அந்த வருஷமே அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது வழுக்கி விழுந்து கால் முறிந்தது. வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும். நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். தங்கச்சி படித்தாள், இப்போது ஆசிரியை. மண்டபத்தில் பாதிப் பேர் அவளுடைய பள்ளிக்கூடத்து ஆட்களாகத்தான் இருப்பார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஓய்வுபெற்ற அதிபர். ஒன்பதோடு நின்றவள் இவர்களுக்கு நடுவில் வாயைத் திறந்து, தங்கச்சியைத் தலை குனிய வைத்துவிட்டால்? எனக்கு ஆயிரம் கவலை வரும். மழை வருமா, கரண்ட் போகுமா, சேலை அவிழுமா என்று. ஆனால் அந்த ஆயிரத்துக்கும் அடியில் கிடந்த கல் இது ஒன்றுதான்.

"அவங்க பெரியப்பாவையே பேசச் சொல்லேன்" என்றேன்.

"அவரு பேசுனா சனம் சாப்பிட்டு, வீட்டுக்குப் போயி, தூங்கி எழும்பி வந்தாலும் பேசிக்கிட்டேதான் இருப்பாரு. நீ பேசுக்கா. எனக்கு நீதான் வேணும்."

சரி என்றேன்.

மூன்று வாரம் இருந்தது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பாண் போடும் கடதாசிப் பைகளின் மேல் எழுதினேன். எழுத எழுத ஒரு குஷி வந்ததை மறைக்க முடியாது. சில்லறை கொடுத்துக்கொண்டே உதடு அசையும். "அக்கா, மந்திரம் சொல்றீங்களா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

முதலாவதை என் வீட்டுக்காரரின் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். கொட்டகலை ஸ்டேஷன் பக்கம், சவாரி இல்லாத நேரம். அவர் போனில் நேரம் பிடித்தார்.

"இவ்விழாவுக்கு வருகை தந்திருக்கும் மணமகன் வீட்டார் அவர்களே, மணமகள் வீட்டார் அவர்களே, அதிபர் அவர்களே, ஆசிரியர் பெருமக்களே, பெரியோர்களே, தாய்மார்களே..."

"நிப்பாட்டு" என்றார். "அம்பத்தஞ்சு செக்கன் போயிருச்சு. இன்னும் யாருக்குக் கல்யாணம்னே சொல்லல. இது என்ன, தொழிற்சங்கக் கூட்டமா?"

"மரியாத சொல்ல வேணாமா?"

"ஒரு வணக்கம் போதும். எல்லாருக்கும் சேத்துப் போடு."

முழுவதும் வாசித்தபோது ஆறு நிமிஷம் நாற்பது செக்கன். அதில் தங்கச்சியின் பரீட்சைகள் எல்லாம் இருந்தன, பட்டங்கள் இருந்தன, அம்மாவின் கால் இருந்தது, ஆற்றில் செருப்புப் போன கதை, அட்டை கடித்த கதை, எல்லாம் இருந்தன.

மாப்பிள்ளைத் தம்பியிடமே போன் எடுத்துக் கேட்டேன். இரவும் பகலும் டோஸ்ட் கேட்கிற ஆள் அல்லவா. அவர் சொன்னதை இன்னொரு பையில் எழுதிக்கொண்டேன்.

"அக்கா, ஒரே ஒரு கத. அது போதும். சிரிப்பா இருக்கணும், ஆனா பொண்ணு மேசைக்கடியில போய் ஒளிஞ்சுக்கிற மாதிரி இருக்கக் கூடாது. அப்புறம் மெதுவா திருப்பணும். கடைசியில என்னப் பத்தி ஒரு வார்த்த, இல்லன்னா எங்கம்மா கோவிச்சுக்குவாங்க. எழுதுறது ஒண்ணே முக்கா நிமிஷத்துக்கு எழுதுங்க. மிச்சம் சனம் சிரிக்கிறதுக்கு. சிரிக்கிறப்ப பேசிறாதீங்க, அடங்குற வரைக்கும் நில்லுங்க."

"கிளாஸ எப்பத் தூக்குறது?"

"மொதல்லயே தூக்காதீங்க, கை நடுங்குறது எல்லாருக்கும் தெரியும். மேசையில வச்சுருங்க. மைக் வாய்லேர்ந்து பொத்துன கையளவு தூரம். கடைசியா எல்லாரையும் எழும்பச் சொல்லுங்க. அவங்க எழும்பி முடிஞ்சதுக்கப்புறம் கிளாஸத் தூக்கி, ஒரு வார்த்த சொல்லணும். எல்லாரும் திருப்பிச் சொல்ற மாதிரி சின்னதா. நாங்க ரெண்டு பேரும் எழும்ப மாட்டோம், குடிக்கவும் மாட்டோம். எங்களுக்குத்தான வாழ்த்து."

அந்த ஒரு வார்த்தைதான் அகப்படவில்லை. "வாழ்க!" என்றால் தேர்தல் கூட்டம் மாதிரி இருந்தது. "சியர்ஸ்" என்று சொன்னால் வெளியே வேனுக்குப் பக்கத்தில் போத்தலோடு நிற்கப்போகிற மாமாமார் மட்டும்தான் பதில் சொல்வார்கள்.

கதையைத் தேர்ந்துகொண்டேன். சின்ன வயதில் தங்கச்சி கோழிகளுக்குப் பேர் கூப்பிட்ட கதை, கோழிப் பெரட்டு. அதை இரண்டாம் வாரம் வாசித்துக் காட்டியபோது வீட்டுக்காரர் ஹேண்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"சிரிப்பு இருக்கு. முடிவுல பதினாறும் பெற்று, பாலும் பழமும் போலன்னு எழுதியிருக்க. அது கல்யாணக் கார்டுல அச்சடிச்சிருக்கு. இதுல உன்னக் காணோமே."

என்னைக் காட்டுகிற கதை ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் நான் பள்ளிக்கூடத்தை விட்டதையும் சொல்ல வேண்டும். மறுநாள் அதைத் தனியாக ஒரு பையில் எழுதினேன். வெட்டினேன். திரும்ப எழுதினேன். கல்யாணத்தன்று காலையில் கைப்பையில் இரண்டு கடதாசி இருந்தன: பாலும் பழமும் ஒன்று, மற்றது ஒன்று. எதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

தாலி கட்டு முடிந்து, பின்னேரம் நுவரெலியா மண்டபத்தில் எல்லாரும் கூடினோம். வெளியே பனிமூட்டம் இறங்கிவிட்டது. உள்ளே இருநூறு பேரின் மூச்சும் பிரியாணி வாசமும் சேர்ந்து கதகதவென்று இருந்தது. நான் மேசை மேசையாகப் போய், கிளாஸ்களில் இஞ்சிச் சோடா ஊற்றியாகிவிட்டதா என்று பார்த்தேன். வெறும் கிளாஸைத் தூக்கினால் சிரிப்பார்கள் என்று தம்பி சொல்லியிருந்தார். பரிமாறுகிற பையன்கள் என்னைக் கண்டதும் மூன்றாம் தடவைக்குப் பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். போரணைக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். மடியில் பரிசுக் கடதாசி சுற்றிய தட்டையான ஒரு பொட்டலம். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பிரித்துப் பார்க்கத் தேவையில்லை, வாசமே சொன்னது.

நிகழ்ச்சியை அறிவித்தவர் கோட் போட்ட இளைஞர். என் பெயரைச் சொல்லிவிட்டுச் சேர்த்தார்:

"மணமகளின் அன்புச் சகோதரி. அவரும் ஒரு ஆசிரியை!"

கை தட்டினார்கள். ஆசிரியர் மேசை கொஞ்சம் கூடுதலாகவே தட்டியது. பெரியப்பா, சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

அப்படியே விட்டுவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. பாலும் பழமும் என்று சொல்லிவிட்டு இரண்டு நிமிஷம் ஆசிரியையாக இருந்துவிட்டு உட்காரலாம். மேடையில் தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பதற்றமே இல்லை. நான் என்ன சொன்னாலும் சரி என்கிற முகம்.

கிளாஸை மேசையில் வைத்தேன். மைக்கைப் பொத்திய கையளவு தூரத்தில் பிடித்தேன். கைப்பையைத் திறக்கவேயில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். அந்தத் தம்பி தெரியாமச் சொல்லிட்டாரு. நான் ஆசிரியை இல்லீங்க. ஹட்டன்ல ஒரு பேக்கரியில வேல செய்றேன். ஒம்பதாம் வகுப்போட நின்னவ. அதனாலதான் மாப்பிள்ள போன்ல 'டோஸ்ட் நீங்கதான்'னு சொன்னப்ப, நான் அம்பது ரோஸ் பாணுக்கு ஓடர் குடுத்துட்டேன்."

போரணைக்காரர் எழுந்து பொட்டலத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். மண்டபமே வெடித்தது. நான் பேசவில்லை. அடங்கும் வரைக்கும் நின்றேன். அந்த நிற்கிற நேரத்தில் என் பயமும் எங்கேயோ போய்விட்டது.

"தங்கச்சிக்கு ஆறு வயசு இருக்கும். தோட்டத்துல காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டப் பாத்துட்டு வந்து, எங்க வீட்டுக் கோழிங்கள வரிசையா நிக்க வச்சு இவளும் பெரட்டு கூப்பிடுவா. லேட்டா வந்த கோழிக்கு அன்னிக்கு வேல கெடையாது. 'போ, வீட்டுக்குப் போ!' ஒரு சேவல் இருந்துச்சு. அது ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததே இல்ல. மாப்பிள்ளத் தம்பி, உங்க வீட்டுல நாளைலேர்ந்து காலையில ஆறு மணிக்குப் பெரட்டு. அந்தச் சேவலுக்கு என்னா ஆச்சுன்னு உங்களுக்கு அப்புறமாத் தனியாச் சொல்றேன்."

மாப்பிள்ளையின் அம்மா கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மாப்பிள்ளை எழுந்து நின்று ஒரு சல்யூட் அடித்தார். எழும்பக் கூடாது என்று சொன்னவரே.

"நான் பள்ளிக்கூடத்த விட்டப்ப இவளுக்கு ஏழு வயசு. அன்னிக்குப் பின்னேரம் ஒரு கொப்பியில டீச்சர்மாரு வரவு குறிக்கிற மாதிரி கோடு போட்டு, மேல 'இடாப்பு'ன்னு எழுதுனா. உள்ள ஒரே ஒரு பேரு. என் பேரு. தெனமும் ஸ்கூல் விட்டு வந்ததும் அந்தப் பேரக் கூப்பிடுவா. நான் அடுப்படியில இருந்துகிட்டே 'வந்தேன் டீச்சர்'னு சொல்லணும். சொல்லலன்னா திரும்பக் கூப்பிடுவா. ரெண்டு வருஷம் கூப்பிட்டா. பள்ளிக்கூடத்து இடாப்புல என் பேர வெட்டிட்டாங்க. என் தங்கச்சி இடாப்புல வெட்டவே இல்ல."

ஒரு கரண்டி விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. தங்கச்சியைப் பார்க்கவில்லை, பார்த்தால் நான் முடிந்தேன். மாப்பிள்ளையைப் பார்த்தேன்.

"தம்பி, நீங்க நல்லவரு. பாண் கேக்காத மனுசன். உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இந்த டீச்சர் கூப்பிட்டா ஒடனே பதில் சொல்லிருங்க."

அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. மூன்று வாரம் தேடியது, நான் எழுதிய கடதாசியிலேயே கிடந்திருக்கிறது.

"எல்லாரும் எழும்புங்க. கிளாஸக் கையில எடுத்துக்குங்க. இவங்க ரெண்டு பேரும் நல்லதுக்குக் கூப்பிட்டாலும் கெட்டதுக்குக் கூப்பிட்டாலும் நம்ம சொல்ல வேண்டியது ஒரே வார்த்ததான். நான் சொல்றேன், நீங்களும் சொல்லுங்க."

நாற்காலிகள் இழுபடும் சத்தம். எல்லாரும் எழும்பி முடிக்கும் வரை காத்திருந்தேன். கிளாஸைத் தூக்கினேன்.

"வந்தோம்!"

"வந்தோம்!" என்றது மண்டபம். வேனுக்குப் பக்கத்தில் நின்ற மாமாமார், என்ன ஏது என்று தெரியாமல் வாசலில் எட்டிப் பார்த்து, அவர்களும் "வந்தோம், வந்தோம்" என்றார்கள். அம்மா மட்டும் வெறும் கிளாஸைத் தூக்கிப் பிடித்திருந்தாள். ஊற்றியவுடனேயே குடித்துவிட்டாளாம்.

அதோடு நான் உட்கார வேண்டியதுதான். ஆனால் தங்கச்சி எழுந்துவிட்டாள். கண் மையெல்லாம் கன்னத்தில் வழிய, பக்கத்தில் இருந்த பூச்செண்டைக் கொப்பி மாதிரி நெஞ்சில் பிடித்துக்கொண்டு, வகுப்பில் கூப்பிடுகிற அதே குரலில் என் முழுப் பெயரையும் கூப்பிட்டாள். மைக் இல்லாமலே கடைசி மேசை வரைக்கும் கேட்டது.

"வந்தேன் டீச்சர்" என்றேன்.

ஆசிரியர் மேசைதான் முதலில் கை தட்டியது.

நான் என் இடத்துக்கு வந்தபோது வீட்டுக்காரர் போனை நீட்டினார். "மூணு நிமிஷம் பத்துச் செக்கன்."

"சிரிச்ச நேரத்தக் கழிங்க."

"கழிச்சாலும் கூடத்தான்" என்றார். ஆனால் அவர் மூக்கு சிவந்திருந்தது.

கையிலிருந்த கிளாஸில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். குடிக்க மறந்துவிட்டேன். அதை அம்மாவிடம் கொடுத்தேன்; அவள் மறுக்கவில்லை.

சாப்பாட்டுக்கு எழும்புகிற நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா எங்கள் மேசையை நோக்கி நேராக வந்தார். அதிபராக இருந்தவர், நடையிலேயே தெரியும். என் பேச்சில் எழுவாய், பயனிலை ஏதாவது பிசகியிருக்குமோ என்று எழுந்து நின்றேன். அவர் குனிந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"ஏம்மா, அந்தச் சேவலுக்கு என்னதான் ஆச்சு?"

"தீவாளிக்கு மட்டும் நேரத்துக்கு வந்துச்சுங்க ஐயா" என்றேன்.